நெக், ஒரு சென்டிமீட்டர்

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறவர்கள் பையருடன் வீடியோவில் உட்காருவது பெரும்பாலும் பிட் பார்க்கத்தான். 2020 மார்ச்சுக்கு முன்னால் இந்த வேலை வேறு மாதிரி நடந்தது. தைத்த சாம்பிளை கூரியரில் அனுப்புவோம். அங்கே அவர்களுடைய டெக்னீஷியன் அதை டம்மிக்கு மாட்டி, டேப் வைத்து அளந்து, எங்கே கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று கமென்ட்ஸ் எழுதி அனுப்புவார். ஊரடங்கு வந்ததும் அவர்களும் வீட்டில் இருந்தார்கள், கூரியரும் தடுமாறியது. டம்மி எங்கள் சாம்பிள் ரூமுக்கு வந்தது, கேமரா அதற்கு முன்னால் நின்றது. கூரியர் சரியான பிறகும் பல பையர்கள் இந்தப் பழக்கத்தை விடவில்லை. ஒரு சாம்பிள் போய், கமென்ட்ஸ் திரும்பி வரப் பிடிக்கும் ஒரு வாரத்தை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட முடிகிறதே.

ஆனால் கூரியர் காலத்தில் கமென்ட்ஸ் எழுத்தில் வந்தது. இப்போது வாயால் வருகிறது. லைன் அறுந்தால் வாக்கியமும் பாதியில் அறுகிறது. அதனால்தான், மீட்டிங் விழுந்த பிறகு நாம் கேட்கிற மன்னிப்பில் கரண்டைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேசுவதற்கு அதிகம் இல்லை என்று நான் நினைக்கிறேன். பையர் எதைச் சொல்லிக்கொண்டிருந்தார், அதில் எதுவரை நமக்கு வந்தது, மீதியை எப்போது வந்து கேட்போம் என்பதுதான் அதில் இருக்க வேண்டும். என்னிடம் வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

லைன் எப்படிப் போகிறது என்று தெரிந்திருந்தால்தான் எப்போது திரும்பி வருவோம் என்று சொல்ல முடியும். எங்கள் கம்பெனியில் ஜெனரேட்டர் இருக்கிறது. திருப்பூரில் ஓரளவு பெரிய கம்பெனி எல்லாவற்றிலும் இருக்கும். கரண்ட் போனால் சில நொடிகளில் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும். தையல் மிஷினுக்கு அந்தச் சில நொடி ஒன்றுமில்லை, டெய்லர் காலை எடுத்துவிட்டு மறுபடி வைப்பார். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் அதற்கும் ஒன்றுமில்லை. சுவரில் மாட்டியிருக்கிற பைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மட்டும் அந்தச் சில நொடி போதும், இரண்டும் அணைந்து மறுபடி முதலிலிருந்து கிளம்பும். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, நெட் வந்து சேர இரண்டு மூன்று நிமிஷம் ஆகிவிடும். பத்து நொடி கரண்ட் போனதற்கு மூன்று நிமிஷ மௌனம்.

இதில் பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. கரண்ட் ஒரு தடவை போனால் மீட்டிங் இரண்டு தடவை விழும். போகும்போது ஒரு தடவை. கரண்ட் திரும்பி வந்து, ஜெனரேட்டரிலிருந்து மறுபடி மாற்றும்போது இன்னொரு தடவை. முதல் விழுதலுக்கு மன்னிப்புக் கேட்டு, எல்லோரும் திரும்பி வந்து, பேச்சு சூடு பிடிக்கிற நேரத்தில் இரண்டாவது விழும். பையருக்கு முதலாவதைவிட இரண்டாவதுதான் அதிகம் எரிச்சல் தரும், ஏனென்றால் சரியாகிவிட்டது என்று நாம்தான் இப்போது சொல்லியிருக்கிறோம். அதனால் கரண்ட் போன உடனே நான் செய்கிற வேலைகளில் ஒன்று எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு ஆள் அனுப்புவது. "கரண்ட் வந்தாலும் மாத்த வேண்டாங்கண்ணா, மீட்டிங் முடியற வரைக்கும் ஜெனரேட்டர்லயே ஓடட்டுங்க" என்று சொல்லிவிட வேண்டும். தானாக மாறுகிற பேனல் என்றால் அதை மேனுவலில் போடச் சொல்ல வேண்டும். அரை மணி நேர டீசல் கூடுதலாகச் செலவாகும். முதலாளியிடம் ஒரு முறை கணக்குச் சொல்லி அனுமதி வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

பைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சின்ன யுபிஎஸ் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்துவிடும். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுகிறவை. அடாப்டரின் முதுகில் வோல்ட்டும் ஆம்பியரும் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து அதற்கு ஏற்றதை வாங்க வேண்டும். ஒன்றை மறந்துவிடக் கூடாது. பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் அதிலிருந்து லைன் போக வேண்டும். ரவுட்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, வைபை காட்டுகிறது நெட் வரவில்லையே என்று தவிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கரண்ட் இருந்தும் லைன் போகிற நாளும் உண்டு. அப்போது பைபர் பெட்டியில் LOS என்று எழுதிய விளக்கைப் பார்க்க வேண்டும். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ வெளிச்சமே பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். எங்கேயோ ரோடு தோண்டியிருப்பார்கள், அல்லது கன்டெய்னர் லாரி கேபிளை இழுத்துக்கொண்டு போயிருக்கும். ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பிரயோஜனம் இல்லை. கேபிள்கார தம்பி வந்து அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து ஒட்ட வேண்டும். அது சில மணி நேர வேலை. அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்த பிறகு "ரெண்டு நிமிஷத்தில் வந்துவிடுகிறோம்" என்று பையருக்கு எழுதுவது பொய் சொல்வது போலத்தான். உடனே போனின் டேட்டாவுக்கு மாறிவிட வேண்டும்.

ஆக, செய்தி எழுதுவதற்கு முன்னால் மூன்று பார்வை. மேலே டியூப்லைட்டை ஒரு பார்வை, பெட்டியை ஒரு பார்வை, போனில் சிக்னலை ஒரு பார்வை. இதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது. நாம் கொடுக்கப்போகும் நேரம் இந்த அரை நிமிஷத்தில்தான் கிடைக்கிறது.

போனின் டேட்டாவை நம்பும்போதும் ஒரு எச்சரிக்கை வேண்டும். ஏரியா முழுக்கக் கரண்ட் போனால் அந்த ஏரியா முழுக்க வைபையும் போய், எல்லோரும் ஒரே நேரத்தில் டவரில் ஏறுவார்கள். சிக்னல் கோடு நிறைய இருக்கும், படம் நகராது. குரல் மட்டும் போக ரொம்பக் குறைந்த டேட்டா போதும். நொடிக்கு நூறு கிலோபிட்டுக்கும் குறைவாகவே தாக்குப்பிடிக்கும். நல்ல படத்துக்கு அதைப்போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் வேண்டும். ஆகவே போனில் திரும்பி வரும்போது கேமராவை அணைத்துக்கொண்டே வர வேண்டும். முகம் தெரிவதைவிடக் குரல் உடையாமல் போவது முக்கியம்.

இன்னொரு வகை விழுதல் சத்தமில்லாமல் நடக்கும். லைன் செத்திருக்கும், நமக்குத் தெரியாது. திரையில் நம்முடைய படம் நன்றாக அசைந்துகொண்டிருக்கும், ஏனென்றால் அது நம் லேப்டாப்பிலிருந்தே நமக்குக் காட்டப்படுவது. அந்தப் பக்கத்து முகங்கள் உறைந்திருக்கும். அவர்கள் கவனமாகக் கேட்கிறார்கள் என்று நாம் நினைத்துப் பேசிக்கொண்டே போவோம். நான் பார்ப்பது அவர்களுடைய கண் இமையை. யாருமே இமைக்கவில்லை என்றால் பேச்சை நிறுத்திவிட்டு "நான் பேசுவது கேட்கிறதா" என்று கேட்டுவிடுவேன். அந்தப் பக்கத்திலும் இதே கதைதான். நம்முடைய உறைந்த படம் அவர்கள் திரையில் சிறிது நேரம் அப்படியே நிற்கும். நாம் போய்விட்டோம் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள், நாம் குறித்துக்கொள்கிறோம் என்று நம்பிக்கொண்டு. முதல் செய்தி சீக்கிரம் போக வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்த ஒரு மீட்டிங்கைச் சொல்கிறேன். குழந்தைகளுக்கான முழுக்கை டீஷர்ட், சிங்கிள் ஜெர்சி, ரவுண்ட் நெக் ரிப், நெஞ்சில் ஒரு பிரின்ட். அடிப்படை சைஸ் 116, அதாவது 116 சென்டிமீட்டர் உயரமுள்ள ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கானது. பையர் ஜெர்மனிக்காரர்கள். அந்தப் பக்கம் டெக்னீஷியன் அம்மாவும் டிசைனரும். இடையில் சென்னையிலிருந்து பையிங் ஏஜென்ட் சார். எங்கள் பக்கம் நானும் பேட்டர்ன் மாஸ்டரும். அக்டோபர் மாதம், கடைசி ஞாயிறு இன்னும் வரவில்லை, அதனால் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அவர்களுக்குக் காலை 10 மணி, எங்களுக்கு மதியம் 1.30. வானம் இருட்டிக்கொண்டு நின்றது.

உடம்பு நீளம், மார்பகலம், கை நீளம் முடிந்து நெக்குக்கு வந்தோம். மாஸ்டர் டம்மியைச் சற்றுத் திருப்பிக் காட்டினார். அந்த அம்மா சாய்ந்து பார்த்துவிட்டு, நெக் சரியாக வரவில்லை, ஒரு சென்டிமீட்டர் என்று ஆரம்பித்தார். இடி இடித்தது, லைட் போனது, ஜெனரேட்டர் எடுத்தது, லைட் வந்தது. திரையில் அந்த அம்மா வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார்.

"நெக் அகலத்துல ஒரு சென்டி குறைக்கச் சொல்றாங்க. குறைச்சிரலாங்க" என்றார் மாஸ்டர். அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. சாம்பிளில் நெக் அகலம் சார்ட்டைவிட அரை சென்டி கூடத்தான் வந்திருந்தது. ஆனால் நம் காதில் விழுந்தது இரண்டே விஷயம். நெக் என்பது ஒன்று, ஒரு சென்டிமீட்டர் என்பது ஒன்று. அகலமா, முன்பக்க இறக்கமா, ரிப்பின் உயரமா, கூட்டவா, குறைக்கவா, எதுவும் வரவில்லை. அறுந்த வாக்கியத்தை நம் அனுபவத்தை வைத்து முடித்துவிடுவதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய ஆபத்து. அனுபவம் கூடக் கூட ஊகம் சரளமாக வரும். மாஸ்டரிடம், "இருங்க மாஸ்டர், அவங்க வாயால கேட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பேடில் கேட்டதை மட்டும் கேட்டபடி எழுதினேன். நெக், 1 செ.மீ., அதற்கு மேல் ஒரு கேள்விக்குறி. பக்கத்தில் நேரம்.

அதற்குள் மூன்று பார்வையும் முடிந்திருந்தது. லைட் ஜெனரேட்டரில் எரிகிறது, LOS சிவப்பு இல்லை, பெட்டி கிளம்பிக்கொண்டிருக்கிறது. மூன்று நிமிஷத்தில் வந்துவிடும். போனை எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்: "மன்னிக்கவும், இங்கே இடியில் மின்சாரம் போய் லைன் அறுந்துவிட்டது. நாங்கள் கடைசியாகக் கேட்டது: நெக், ஒரு சென்டிமீட்டர். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. உங்கள் நேரம் 10.30-க்குள் திரும்ப வருகிறோம். முடியாவிட்டால் 10.30-க்கு இங்கேயே எழுதுகிறேன்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. மன்னிப்பு ஒரே சொல், காரணம் அரை வரி. நம்ம ஊர் கரண்ட் நிலவரம், மழைக்காலம், போன வாரமும் இப்படித்தான் ஆனது என்றெல்லாம் எழுதினால், படிக்கிறவர் மனதில் இவர்களிடம் ஆர்டர் கொடுத்தால் எப்போதும் இப்படித்தான் போலிருக்கிறது என்றுதான் பதியும். கடைசியாகக் கேட்டதை அப்படியே சொன்னது, அதற்குப் பிறகு அவர்கள் பேசியது வீண் என்பதை அவர்களுக்குத் தெரிவிக்க. நேரத்தை அவர்கள் கடிகாரத்தில் சொன்னது, அவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக. மூன்று நிமிஷம் போதும் என்று எனக்குத் தெரிந்தும் ஐந்து நிமிஷம் தள்ளிக் கொடுத்தேன். சொன்ன நேரத்துக்கு முன்னால் வருகிறவர் பரவாயில்லை, ஒரு நிமிஷம் பிந்துகிறவர் இரண்டாவது மன்னிப்புக்குத் தயாராக வேண்டும். கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. நாங்கள் வராவிட்டாலும் 10.30-க்கு ஒரு செய்தி நிச்சயம். அதுவரை அவர்கள் எழுந்து போய் காப்பி போட்டுக்கொள்ளலாம்.

மீட்டிங்கில் இருக்கிறவர்கள் வாட்ஸ்அப்பை உடனே பார்ப்பார்களா என்ற கேள்வி நியாயமானது. பெரிய பையர் கம்பெனிகள் பலவற்றில் அலுவலக வேலைக்கு வாட்ஸ்அப்பே கிடையாது. அதற்குத்தான் ஏஜென்ட் சார். அவர் வேறு ஊரில், வேறு லைனில் இருக்கிறார். இடியில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் எழுதியதை அவர் அந்த அம்மாவிடம் வாயால் சொன்னார். இந்த ஏற்பாட்டை மீட்டிங் அழைப்பு அனுப்பும்போதே ஒரு வரியாக எழுதிவிடுவது நல்லது: லைன் அறுந்தால் இந்தக் குரூப்பில் எழுதுவோம், ஏஜென்ட் உங்களுக்குச் சொல்வார் என்று. அறுந்த பிறகு வழி தேடினால் ஐந்து நிமிஷம் அதிலேயே போகும்.

திரும்பி உள்ளே போவதிலும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. பையர்கள் நடத்துகிற டீம்ஸ் மீட்டிங்கில் நாம் வெளியாட்கள். அவர்கள் வைத்திருக்கிற செட்டிங்கைப் பொறுத்து, ஒவ்வொரு தடவையும் லாபியில் காத்திருந்து, யாராவது அனுமதித்தால்தான் உள்ளே போக முடியும். உள்ளே பேச்சு மும்முரமாக இருந்தால் லாபியில் ஒருவர் நிற்பதை யாரும் கவனிப்பதில்லை. அதிலும் போனிலிருந்து வேறு பெயரில் வந்தால் யாரென்றே தெரியாமல் விட்டுவிடுவார்கள். ஆகவே போனில் பெயர் போடும்போது கம்பெனிப் பெயரும் நம் பெயரும் தெளிவாக இருக்க வேண்டும். குரூப்பில் "லாபியில் இருக்கிறோம்" என்று ஒரு வரி போட வேண்டும்.

இப்போதெல்லாம் முக்கியமான பிட் மீட்டிங் என்றால், தொடக்கத்திலேயே போனையும் அதன் சொந்த டேட்டாவில் உள்ளே சேர்த்து, ஆடியோ இல்லாமல் மேஜை ஓரத்தில் வைத்துவிடுகிறேன். லேப்டாப் விழுந்தால் போனில் ஆடியோவைத் திறந்தால் போதும். லாபி, அனுமதி எதுவும் வேண்டாம். ஒரே அறையில் இரண்டிலும் ஆடியோ திறந்திருந்தால் ஊளைச் சத்தம் கிளம்பும். அதனால் லேப்டாப் திரும்பி வருவதற்குள் எது பேசும், எது ஊமையாக இருக்கும் என்பதைக் கையில் தீர்மானமாக வைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கு 10.28-க்கு உள்ளே போனோம். வாய்விட்டு ஒரு தடவை மன்னிப்புக் கேட்டேன், காத்திருந்ததற்கு நன்றி சொன்னேன். உடனே பேடைப் பார்த்து வாசித்தேன். உடம்பு நீளம் சரி, மார்பகலம் சரி, கை நீளம் ஒரு சென்டி குறைக்க வேண்டும், இவை முடிந்தவை. நெக்கில் நீங்கள் ஒரு சென்டிமீட்டர் என்று சொன்னதோடு அறுந்தது, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்ல முடியுமா? முடிந்தவற்றையும் சேர்த்து வாசிப்பது சுற்றிவளைப்பாகத் தெரியலாம். ஆனால் அறுவதற்கு முன்னால் சில நொடிகள் குரல் ஏற்கெனவே உடைந்திருக்கும். கடைசியில் கேட்ட ஒன்றிரண்டு எண்ணும் சந்தேகத்துக்குரியவைதான். நாம் வாசித்தால் அவர்கள் திருத்துவார்கள்.

அந்த அம்மா சொன்னது அகலத்தைப் பற்றியே இல்லை. முன்பக்க நெக் இறக்கம் அதிகமாக இருக்கிறது, ஒரு சென்டிமீட்டர் மேலே ஏற்றுங்கள், அகலத்தைத் தொடவே தொடாதீர்கள், தலை நுழைய வேண்டும் என்றார். குழந்தைகள் உடுப்பில் இது விளையாட்டில்லை. நெக்கை முழுதாக இழுத்தால் இத்தனை சென்டி வர வேண்டும் என்று சார்ட்டில் ஒரு எண் இருக்கும். இந்த ஆர்டரில் அது 56. அகலத்தில் ஒரு சென்டி குறைத்திருந்தால் அந்த எண்ணில் இடித்திருக்கும். இறக்கத்தை ஏற்றினாலும் நெக் சுற்றளவு கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதனால் மாஸ்டர் சாம்பிளை டம்மியிலிருந்து கழற்றி, முன்நெக்கில் ஒரு சென்டியை மடித்துக் குண்டூசி குத்தி, ரிப்பை இரண்டு கையாலும் டேப்போடு சேர்த்து இழுத்துக் கேமராவுக்கு நேரே பிடித்தார். ஒரு பக்கம் 28.5 வந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து 57. அந்த அம்மா எண்ணைப் படித்துவிட்டுச் சரி என்றார்.

அடுத்து நான் கேட்ட கேள்விதான் அந்த மீட்டிங்கிலேயே மிகவும் பிரயோஜனமானது. "நாங்கள் இல்லாத நேரத்தில் இந்த ஸ்டைலைப் பற்றி ஏதாவது பேசிக்கொண்டீர்களா?" லைன் அறுந்த பக்கத்துக்காரர்களுக்குத்தான் அது இடைவேளை. அந்தப் பக்கம் இருவர் ஒரே அறையில் இருந்தால் பேச்சு நிற்காது, ஜெர்மனில் தொடரும். முடிவும் எடுத்துவிடுவார்கள். எடுத்த முடிவு நமக்கும் தெரியும் என்று பிறகு நினைத்துக்கொள்வார்கள்.

பேசியிருந்தார்கள். பிரின்ட் பற்றி. டெக் பேக்கில் பிரின்ட் நெக் ரிப் தையலிலிருந்து 5 சென்டி கீழே என்று இருந்தது. நெக்கை ஒரு சென்டி ஏற்றினால் அதைப் பிடித்துக்கொண்டு பிரின்ட்டும் ஒரு சென்டி மேலே போய்விடும், கழுத்தை ஒட்டித் தெரியும். எனவே பிரின்ட்டை இப்போது இருக்கிற இடத்திலேயே வைக்கலாம், அதாவது தையலிலிருந்து 6 சென்டி என்று டிசைனர் முடிவு செய்திருந்தார். திருப்பூரில் நெஞ்சுப் பிரின்ட் பெரும்பாலும் கட்டிங் முடிந்த பீஸில், தைப்பதற்கு முன்னால் போடுவது. போட்ட பிறகு நகர்த்த வழியில்லை. இந்த ஆர்டர் 12,000 பீஸ். கேட்காமல் விட்டிருந்தால் பிரின்ட்காரருக்கு 5 என்றே போயிருக்கும்.

இதற்கு நடுவில், எதிர்பார்த்தபடியே கரண்ட் திரும்பி வந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் மாற்றவில்லை. மீட்டிங் முடிந்து, நான் போய்ச் சொன்ன பிறகுதான் மாற்றினார்.

மழை விடாமல் லைன் இரண்டாவது முறையும் விழுந்திருந்தால் மூன்றாவது முறை வீடியோவுக்குப் போயிருக்க மாட்டேன். இது நான் எனக்கு வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. இரண்டாவது விழுதலுக்குப் பிறகு குரலும் போட்டோவும் மட்டும். இன்னும் சொன்னால், அளவு பார்க்க வீடியோவைவிட போட்டோ நல்லது. சாம்பிளை மேஜையில் சுருக்கமில்லாமல் விரித்து, டேப்பை அதன் மேல் வைத்து, நேர் மேலிருந்து எடுத்த படத்தில் எண் தெளிவாகத் தெரியும். வீடியோவில் டேப்பின் எண் பாதி நேரம் மங்கலாகத்தான் இருக்கும். அதனால் மீட்டிங்குக்கு முதல் நாளே முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று டம்மியில் மாட்டிய படங்களையும், மெஷர்மென்ட் சார்ட்டில் எங்கள் அளவை எழுதியதையும் மெயிலில் அனுப்பிவிடுவோம். நாங்கள் லைனில் இல்லாவிட்டாலும் அவர்கள் கையில் பார்க்க ஏதோ இருக்கும். அன்றைக்கு அந்த இருவரும் பிரின்ட்டைப் பற்றிப் பேசியதுகூட இந்தப் படங்களை வைத்துத்தான்.

குரலும் நிற்கவில்லை என்றால் நேரம் மாற்றிக் கேட்பதுதான் மரியாதை. அப்போது "உங்களுக்கு எப்போது வசதி" என்று அவர்கள் தலையில் போடாமல், அவர்கள் கடிகாரத்தில் இரண்டு நேரம் நாமே கொடுக்க வேண்டும். ஒன்று அன்றைக்கே, ஒன்று மறுநாள் காலை. நிறத்தைப் பற்றிய பேச்சாக இருந்தால் அவசரமே படக் கூடாது. லேப் டிப்பை எந்த வீடியோவிலும் முடிவு செய்ய முடியாது. துணி அவர்கள் லைட் பாக்ஸுக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

மீட்டிங் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் மெயில் போனது. தலைப்பில் ஸ்டைல் நம்பரும் பிட் கமென்ட்ஸ் என்பதும். மன்னிப்பு முதல் வரியில் ஒரே வாக்கியம். அதற்குக் கீழே, லைன் அறுவதற்கு முன்னால் முடிவானவை, திரும்பி வந்த பிறகு முடிவானவை, நாங்கள் இல்லாதபோது நீங்கள் முடிவு செய்து எங்களுக்குச் சொன்னவை என்று மூன்று பகுதியாக எழுதினேன். மூன்றாவது பகுதியில் பிரின்ட் ஒன்றுதான். அதைத் தனியாகப் பிரித்துக் காட்டியதால் டிசைனர் அதைத்தான் முதலில் படித்தார், 6 சென்டி சரி என்று அன்றே எழுத்தில் வந்தது. மாற்றிய பேட்டர்னில் பிபி சாம்பிள் எப்போது கிளம்பும் என்ற தேதி கடைசி வரி.

மெயில் போன பிறகு ஏஜென்ட் சாருக்குப் போன் செய்தேன். பலர் பையரிடம் மன்னிப்புக் கேட்டதோடு விட்டுவிடுகிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த ஃபேக்டரியை நம்புங்கள் என்று பையரிடம் சொன்னவர் அவர். திரை உறைந்து நின்ற அந்த ஏழு நிமிஷமும் பையர் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். "சார், உங்களைத் தனியா விட்டுட்டோம், மன்னிச்சுக்கங்க" என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நீங்க டைம் குடுத்தீங்க பாருங்க, அதனால நான் சமாளிச்சேன். இல்லீன்னா என்னத்தைச் சொல்றது?" என்றார். அவர் அந்த அம்மாவிடம் சொல்வதற்கு ஒரு நேரம் இருந்தது, அவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது.

மாஸ்டருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. எல்லோர் முன்னாலும் அவர் யோசனையை நிறுத்தி வைத்தது நான். அவர் வயதில் மூத்தவர். சாயங்காலம் டீ வரும்போது பேடை அவரிடம் காட்டி, கேள்விக்குறி போட்டிருந்த வரியையும் அதற்குக் கீழே அந்த அம்மா சொன்னதையும் படித்தோம். நெக் அகலம் அரை சென்டி கூட வந்ததைப் பற்றி அவரே எடுத்தார். அதை மட்டும் சார்ட்டுக்குக் கொண்டுவந்தால் இழுவை 56-க்குக் கீழே போகுமா என்று காகிதத்தில் போட்டுப் பார்த்து, நூலிழையில் போகிறது, பையரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். மறுநாள் அந்தக் கேள்வி தனி மெயிலாகப் போனது.

லைன் அந்தப் பக்கம் விழுகிற நாட்களும் வருகின்றன. வீட்டிலிருந்து வேலை செய்கிற டெக்னீஷியன்களுக்கு வைபை சதி செய்யும். அப்போது அவர்கள் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்பதற்குள் நாம் செய்ய வேண்டியது, நாம் அவர்களிடம் எதிர்பார்ப்பதைத்தான். நம் பக்கத்தில் பேச்சை நிறுத்திவிட வேண்டும், பேட்டர்னைப் பற்றித் தமிழில் எந்த முடிவுக்கும் போகக் கூடாது. குரூப்பில் "உங்கள் குரல் இந்தச் சொல்லோடு நின்றது, நாங்கள் காத்திருக்கிறோம், அவசரமில்லை" என்று எழுத வேண்டும். அவர்கள் வந்ததும், மன்னிப்பை ஒரு தலையசைப்பில் வாங்கிக்கொண்டு, நின்ற சொல்லை எடுத்துக் கொடுத்தால் வாக்கியத்தை அவர்களே முடித்துவிடுவார்கள்.